பதினான்கு நிகழ்ச்சி, ஒரே மேடை

ஆண்டு விழா ஒத்திகைக்கு அட்டவணை போடும் ஆசிரியர் வழக்கமாகப் போடும் கணக்கு இதுதான்: மதியம் 1.30 முதல் 3.30 வரை 120 நிமிடம், பாட்டு ஒன்றுக்கு 5 நிமிடம், ஆகவே பதினான்கு நிகழ்ச்சியையும் ஒரே மதியத்தில் முடித்துவிடலாம். நடைமுறையில் ஏழெட்டுக்கு மேல் நகராது. முப்பது பிள்ளைகள் வரிசையாக ஏறி இடம்பிடித்து நிற்க 3 நிமிடம், பாட்டை இரண்டு முறை ஆட 10 நிமிடம், இறங்க 2 நிமிடம். ஆக, ஒரு குழுவுக்கு 15 நிமிடம். நாளுக்கு ஏழு குழு என்று இரண்டு நாளாகப் பிரித்தால் ஒவ்வொரு நாளும் கடைசியில் 15 நிமிடம் மிஞ்சும். அதில் எட்டாவது குழுவை நுழைத்துவிடாதீர்கள். முதல் குழு தாமதித்தால் ஈடுகட்ட அந்த நேரம்தான் இருக்கிறது.

மேடையில் நடன அசைவு கற்றுக்கொடுப்பது பெரிய வீண். அதற்கு மைதானம் போதும். மேடையை அளந்து, முப்பதடிக்கு இருபதடி என்றால் அதே அளவில் தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டு, படிக்கட்டு எந்தப் பக்கம் என்பதையும் குறித்துவிடுங்கள். வகுப்பறையில் பழகிய வரிசை மேடையில் அடங்காது என்பது அங்கேயே தெரிந்துவிடும். மேடை நேரம் ஏறுவதற்கும், நிற்பதற்கும், இறங்குவதற்கும்தான்.

அட்டவணைக்கு முன்பே எழுத வேண்டிய தாள் இன்னொன்று உண்டு: இரண்டு நிகழ்ச்சியில் இருக்கும் பிள்ளைகளின் பெயர்கள். ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி பரதத்திலும் கரகாட்டத்திலும் இருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். நகை கழற்றி, சேலை மாற்றி, கொண்டையை அவிழ்த்துக் கட்ட 20 நிமிடமாவது ஆகும். அறிவிப்போடு சேர்த்து நிகழ்ச்சி ஒன்று 7 நிமிடம் என்றால், இரண்டுக்கும் நடுவில் மூன்று நிகழ்ச்சி வேண்டும். இதைப் பார்க்காமல் நிரல் அச்சடித்துவிட்டால், விழாவன்று அறிவிப்பாளர் பெயரைச் சொல்லிவிட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

எல்.கே.ஜி., யு.கே.ஜி. குழந்தைகளுக்குக் காலை பத்து மணியைத் தனியாக ஒதுக்குங்கள். சாப்பிட்டபின் அவர்களுக்குத் தூக்கம் வரும். கடைசி இடத்தில் போட்டால் காத்திருந்தே அழுதுவிடுவார்கள்.

முழு ஒத்திகைக்கு முந்தைய நாள் ஒரு அரை மணி நேரம் எடுத்து, நிகழ்ச்சிகளை ஆடாமல் இடைவெளிகளை மட்டும் பழகலாம். ஒரு பாட்டின் கடைசி இருபது விநாடி ஒலிக்கும், ஆடியவர்கள் வலப்பக்கம் இறங்குவார்கள், அடுத்த குழு இடப்பக்கம் ஏறி நிற்கும், அவர்கள் பாட்டின் முதல் வரி வந்ததும் நிறுத்திவிடலாம். பதின்மூன்று இடைவெளி, ஒவ்வொன்றும் இரண்டு நிமிடம். சவுண்ட் சர்வீஸ்காரரும் அன்றைக்கே பென் டிரைவோடு வரவேண்டும். பாட்டுகளுக்கு 01, 02 என்று எண் போட்டிருந்தால் அவர் தேட வேண்டியிருக்காது.

பரிசளிப்புக்கும் சிறப்பு விருந்தினர் உரைக்கும் போடும் மேசை நாற்காலியை இந்த ஒத்திகையிலேயே ஒருமுறை ஏற்றி இறக்கிப் பாருங்கள். உரை நீளும் என்பதால், அதற்கு அடுத்து ஒப்பனையோடு காத்திருக்கும் சின்னக் குழந்தைகளைப் போடாமல், சீருடையிலேயே வந்து பாடும் சேர்ந்திசைக் குழுவைப் போடுவது நல்லது.