மூணு மாசம் வட்டி வந்ததே!

"ஒரு லட்சம் போட்டேன். மாசம் முப்பதாயிரம், மூணு மாசமா வந்துக்கிட்டு இருக்கு. நீங்களும் போடுங்க தம்பி" என்றார் பக்கத்து வீட்டு அக்கா. அவர் பொய் சொல்லவில்லை, பணம் வந்தது உண்மைதான். எங்கிருந்து வந்தது என்பதுதான் கேள்வி.

நூறு பேர் ஆளுக்கு ஒரு லட்சம் போட்டதாக வைத்துக்கொள்வோம். கையில் ஒரு கோடி. மாதம் 30 சதவீதம் என்றால், 30 லட்சம் கொடுக்க வேண்டும். எந்தத் தொழிலும் செய்யாமலே மூன்று மாதம் கொடுத்துவிடலாம், 10 லட்சம் மிச்சம்கூட இருக்கும். அக்காவுக்கு வந்த தொண்ணூறாயிரம் அவர் போட்ட பணமேதான். நான்காம் மாதம் 20 லட்சம் குறைகிறது. புதிதாக 20 பேர் வேண்டும். அவர்களுக்கும் வட்டி உண்டு என்பதால் ஐந்தாம் மாதம் 36 பேர், ஆறாம் மாதம் 47 பேர். ஆள் சேருவது நின்ற மாதமே கடைக்குப் பூட்டு. ஏஜென்ட் கமிஷனையும் சேர்த்தால் அந்த நாள் இன்னும் சீக்கிரம் வரும்.

ஆருத்ரா கோல்டு வழக்கில் மாதம் 25 முதல் 30 சதவீதம் வரை வட்டி ஆசை காட்டி 2,438 கோடி ரூபாய் வசூலித்தார்கள் என்கிறது போலீஸ். டெபாசிட் வாங்க அனுமதி பெற்ற நிதி நிறுவனமே ஆண்டுக்கு 12.5 சதவீதத்துக்கு மேல் வட்டி தரக்கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. ஒருவர் ஒரே மாதத்தில் அதைப் போல இரண்டு மடங்கு தருகிறேன் என்றால், வேறெதையும் விசாரிக்கத் தேவையில்லை.

"நான் செபியில் பதிவு செய்த ஆலோசகர்" என்று வருபவரிடம்தான் கூடுதல் கவனம் வேண்டும். முதலீட்டு ஆலோசகரின் பதிவு எண் INA என்று தொடங்கும். அதைக் கேட்டு வாங்கி, sebi.gov.in தளத்தில் உள்ள இடைத்தரகர் பட்டியலில் நீங்களே தேடுங்கள். அவர் அனுப்பும் லிங்க்கைத் தொடாதீர்கள். எண் இருக்கிறது என்பதோடு நிறுத்திவிடக்கூடாது. வேறொருவரின் நிஜமான எண்ணைத் திருடி விசிட்டிங் கார்டில் போட்டுக்கொள்வது வழக்கமான தந்திரம். ஆகவே பெயர், முகவரி, பதிவு இன்னும் நடப்பில் உள்ளதா என்பதையெல்லாம் ஒத்துப் பாருங்கள். பிறகு, பட்டியலில் உள்ள தொடர்பு விவரத்தைக் கொண்டு அந்த அலுவலகத்தையே கேளுங்கள்: "இந்தப் பெயரில் உங்களிடம் ஒருவர் வேலை செய்கிறாரா?"

பதிவு பெற்றவர் வாங்கக்கூடியது ஆலோசனைக் கட்டணம் மட்டும்தான். உங்கள் முதலீட்டுப் பணத்தைத் தன் கணக்குக்கு அனுப்பச் சொல்ல அவருக்கு உரிமை கிடையாது. இவ்வளவு லாபம் நிச்சயம் என்று வாக்குக் கொடுக்கவும் கூடாது. இரண்டில் ஒன்றைச் செய்தாலும், எண் உண்மையாகவே இருந்தாலும், எழுந்து வந்துவிடுங்கள்.

அக்காவிடம் இந்தக் கணக்கைத் தாளில் போட்டுக் காட்டினேன். நான்காம் மாதத்து வரியில் விரலை வைத்துக்கொண்டு, "என் தங்கச்சியையும் சேர்த்துவிட்டேனே" என்றார்.