தொலைபேசியில் போன ஒப்புதல்

1981 ஜூலை 17 அன்று அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டியில், ஒரு ஹோட்டலின் தொங்கு நடைபாதைகள் இரண்டு இடிந்து விழுந்து 114 பேர் இறந்தார்கள். முதல் வரைபடத்தில், கூரையிலிருந்து இறங்கிய ஒரே நீளக் கம்பி மேல், கீழ் நடைபாதைகள் இரண்டையும் தாங்கியது. பிறகு அதை இரண்டு கம்பிகளாக மாற்றினார்கள். கீழ் நடைபாதை மேல் நடைபாதையின் உத்தரத்தில் தொங்கியது. அங்கிருந்த நட்டின் மேல் சுமை இரட்டிப்பானது.

தொலைபேசியில் ஒப்புதல் வாங்கினோம் என்றது தயாரிப்பாளர் தரப்பு. அப்படி அழைப்பே வரவில்லை என்றது பொறியாளர் தரப்பு. வரைபடத்தில் பொறியாளர் முத்திரை இருந்தது; புதிய இணைப்புக்கான கணக்கு இல்லை.

வடிவமைப்பு ஆய்வுக் கூட்டக் குறிப்பில் இது இப்படி நின்றிருக்க வேண்டும்: "கம்பி மாற்றம், திருத்தம் 2. நட்டின் சுமைக் கணக்கு நிலுவை. பொறுப்பு: கட்டமைப்புப் பொறியாளர், வெள்ளிக்கிழமைக்குள். கணக்கு சரிபார்க்கப்படும்வரை தயாரிப்புக்கு அனுமதியில்லை."

திருத்த எண்தான் இதில் உயிர்நாடி. திருத்தம் 1-க்குப் போட்ட கையெழுத்து திருத்தம் 2-க்குச் செல்லாது. பெயரும் தேதியும் இல்லாமல் "பார்த்துக்கொள்ளலாம்" என்று முடியும் வரியைக் கண்டால், அந்தப் பிரச்சினை இன்னும் திறந்தேதான் இருக்கிறது.