மின்கசிவு என்ற ஒரு சொல்

நாளிதழ்களைப் புரட்டினால் வாரம் ஒருமுறையேனும் கண்ணில் படும் சொற்றொடர், "மின்கசிவே காரணம் எனத் தெரிகிறது" என்பதாகும். கடை எரிந்தாலும் மின்கசிவு. குளியலறையில் ஒருவர் மின்தாக்குண்டு இறந்தாலும் மின்கசிவு. எங்கள் மறைமலை நகருக்கு அருகிலுள்ள ஊரப்பாக்கத்தில் 2022 நவம்பர் 4 அன்று அதிகாலை ஒரு வீட்டில் குளிர்பதனப் பெட்டியில் தீப்பிடித்து, புகையில் சிக்கி ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மூவர் உயிரிழந்த போதும் இதே சொல்தான் அடிபட்டது. இயற்பியல் பயிலும் மாணவன் என்ற முறையில் எனக்கு இச்சொல்லின் மீது ஒரு வருத்தம் உண்டு. ஏனெனில் ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரு வேறு கேடுகளை இது ஒரே போர்வைக்குள் மூடிவிடுகிறது. ஒன்று, கம்பியும் பிளக்கும் தாங்கும் அளவுக்கு மேல் மின்னோட்டம் பாய்ந்து சூடேறுவது. மற்றொன்று, மின்சாரம் தன் பாதையை விட்டு விலகிக் கருவியின் உலோக உடலுக்கு வந்துவிடுவது. முன்னதற்குக் காவல் ஒன்று. பின்னதற்குக் காவல் வேறொன்று. ஒன்றை வைத்துவிட்டு மற்றதும் வந்துவிட்டதாக எண்ணுவோர் பலர்.

இதனை விளக்க எங்கள் அத்தை வீட்டு அடுக்களையையே எடுத்துக்கொள்கிறேன். மறைமலை நகரில் வாடகைக்கு ஒரு பகுதி. மாமாவுக்குத் தொழிற்சாலையில் முதல் ஷிப்டு. காலை ஐந்து மணிக்குப் பேருந்து. அத்தை அக்கம்பக்கத்தாருக்கு இட்லி மாவு அரைத்துக் கொடுப்பவர். ஆகவே விடியற்காலை நான்கரை மணிக்கு அந்த அடுக்களை ஒரு சிறு தொழிற்கூடம் போல இயங்கும். கெட்டிலில் வெந்நீர், மிக்சியில் சட்னி, கிரைண்டரில் உளுந்து, மூலையில் குளிர்பதனப் பெட்டி. மேடைக்கு மேலே சுவரில் இருப்பதோ 6 ஆம்பியர் பிளக் பாயிண்ட் ஒன்றே ஒன்று. அதில் ஒரு மல்டி பிளக்; அதிலிருந்து கிரைண்டருக்கு ஒரு எக்ஸ்டென்ஷன் பெட்டி. (மறைமலையடிகள் பெயர் தாங்கிய ஊரில் இருந்துகொண்டு இப்படி எழுதக் கை கூசுகிறது. ஆனால் இங்குள்ள மின்பொருள் கடையில் "நீட்டிப்புப் பெட்டி" என்று கேட்டுப் பாருங்கள். கடைக்காரர் அட்டைப் பெட்டியைத்தான் எடுத்துத் தருவார்.)

கணக்கிடுவோம். வாட்டு அளவை 230 வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர் ஏறத்தாழக் கிடைக்கும். கெட்டில் 1500 வாட்டு. அது மட்டுமே ஆறரை ஆம்பியர். அதாவது வேறெதுவும் இல்லாமலே அந்தச் சிறிய பாயிண்டின் அளவைத் தாண்டிவிட்டது. அதனால்தான் அந்தக் கெட்டிலுக்கு உற்பத்தியாளர் 16 ஆம்பியர் பெரிய பிளக்கை வைத்திருந்தார். பெரிய பிளக்கைச் சிறிய துளையில் செருக உதவும் 'கன்வர்ட்டர்' ஒன்றை வாங்கி அந்த எச்சரிக்கையைக் கடந்தாயிற்று. மிக்சி 750 வாட்டு; மூன்றேகால் ஆம்பியர். கிரைண்டரும் குளிர்பதனப் பெட்டியும் ஆளுக்கு ஓர் ஆம்பியர் அளவில். எல்லாம் ஒருசேர ஓடும்போது பன்னிரண்டு ஆம்பியருக்குச் சற்றே குறைவு. 6 ஆம்பியர் பாயிண்டில் இரு மடங்கு!

"அப்படியானால் எம்.சி.பி. விழுந்திருக்க வேண்டுமே?" என்று மாமா கேட்டார். நியாயமான வினா. அந்த வீட்டுப் பலகையில் இருந்தது 16 ஆம்பியர் எம்.சி.பி. பன்னிரண்டு அதற்கு ஒரு பொருட்டே அல்ல. அது மட்டுமன்று, தன் அளவைப் போல் 1.13 மடங்கு, அதாவது 18 ஆம்பியர் வரை, ஒரு மணி நேரம் ஓடினாலும் அது விழக்கூடாது என்பதே அதற்கான தர நெறி. சுவருக்குள் ஓடும் கம்பியைக் காப்பதுதான் எம்.சி.பி.யின் வேலை. சுவருக்கு வெளியே நாம் தொங்கவிட்டிருக்கும் மல்டி பிளக் வெந்து கருகினாலும் அதற்குத் தெரியாது.

வேகுமிடம் கம்பி அன்று. பெரும்பாலும் தொடும் இடமே. பிளக்கின் பித்தளை முள்ளைத் துளைக்குள் இருக்கும் பித்தளைத் தகடு கவ்விப் பிடிக்கிறது. புதிதாக இருக்கும்போது அந்தப் பிடியின் மின்தடை ஓர் ஓமில் ஆயிரத்தில் சில பங்கே. நாள்தோறும் செருகி உருவ, தகடு தளர்கிறது. தாளிக்கும் எண்ணெய்ப் புகையும் நீராவியும் படிகின்றன. தடை 0.1 ஓம் ஆகிவிட்டதாகக் கொள்வோம். வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப உயரும் என்று ஜூல் விதியில் படித்திருக்கிறோம். இரவில் குளிர்பதனப் பெட்டி மட்டும் ஓர் ஆம்பியர் இழுக்கையில் அங்குப் பிறக்கும் வெப்பம் 0.1 வாட்டு, ஒன்றுமில்லை. காலையில் பன்னிரண்டு ஆம்பியர் ஓடும்போதோ 14 வாட்டுக்கு மேல். வானொலிப் பெட்டி பழுது பார்ப்பவரின் பற்றவைக்கும் கோல் 25 வாட்டுதான் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் பாதிக்கு மேற்பட்ட சூடு ஒரு நெல்மணி அளவு இடத்தில், பிளாஸ்டிக் கூட்டுக்குள் அடைபட்டுக் கிடக்கிறது. சூட்டால் தகடு மேலும் தளரும். தளர்ந்தால் தடை மேலும் ஏறும். ஏறினால் மேலும் சூடு. இந்தச் சுழல் மாதக் கணக்கில் மெல்ல நடந்து, ஒரு நாள் விரைந்து முடிகிறது.

முன்கூட்டியே அறிய வழியுண்டு. கெட்டில் கொதித்து முடிந்ததும் சுவிட்சை அணைத்து, பிளக்கை உருவி, அதன் முள்ளருகே விரலை வைத்துப் பாருங்கள். இளஞ்சூடு இருக்கலாம், விரலை எடுக்க வைக்கும் சூடு கூடாது. துளையைச் சுற்றிப் பழுப்பு நிறம் படர்வது அடுத்த நிலை. அதற்கும் அடுத்தது ஒரு விசித்திரமான மீன் வாடை. சாக்கெட்டின் பிசின் சூடாகிச் சிதையும்போது எழும் வாடை அது. அத்தை வீட்டில் மீனே சமைப்பதில்லை. பக்கத்து வீட்டின் மேல் பழி போட்டுக்கொண்டு ஒரு வாரம் கழிந்தது.

இனி இரண்டாவது கேட்டுக்கு வருவோம். இது எக்ஸ்டென்ஷன் பெட்டியின் கதை. அதில் மூன்று துளைகள் இருந்தன. மூன்று முள் பிளக்கும் இருந்தது. ஆனால் நடுவே ஓடிய கம்பியில் இழைகள் இரண்டே. எர்த் துளை வெறும் அலங்காரம். இதைக் கழற்றாமலே கண்டறியலாம். பெட்டியைச் சுவரிலிருந்து முற்றிலும் உருவி எடுத்துவிட்டு, மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து, பிளக்கின் பெரிய முள்ளுக்கும் பெட்டியின் பெரிய துளைக்கும் இடையே தொட்டுப் பார்க்க வேண்டும். சுழிக்கு அருகில் காட்டினால் எர்த் உண்டு. முள் அசையவே இல்லை என்றால் இல்லை. அத்தை வீட்டுப் பெட்டியில் அசையவில்லை. ஈரத் தரையில் வெறுங்காலுடன் நின்று, மாவுக் கையால் கிரைண்டரின் உலோகப் பக்கத்தைத் தொட்டால் "சுர்ர்" என்கிறது என்று அவர் சொல்லிவந்ததன் பொருள் அப்போதுதான் விளங்கிற்று.

சரி, எர்த் கம்பியை இணைத்துவிட்டால் போதுமா? இங்கேதான் பலர் நின்றுவிடுகிறார்கள். அந்த வீட்டின் எர்த் குழாய் கொல்லைப்புறத்தில் இருக்கிறது. மேலே சிமெண்டு பூசிவிட்டதால் நீர் ஊற்ற வழியில்லை. கோடையில் மண் காய்ந்தால் எர்த்தின் தடை ஏறும். அது 20 ஓம் என்று வைத்துக்கொள்வோம். மின்னிழை முழுதாகக் கிரைண்டரின் உடலைத் தொட்டுவிட்டால் எர்த் வழியே ஓடுவது 230ஐ 20ஆல் வகுத்த பதினொன்றரை ஆம்பியர். 16 ஆம்பியர் எம்.சி.பி. இதற்கும் விழாது. உடலில் ஏறத்தாழ முழு மின்னழுத்தமும் அப்படியே நிற்கும். எர்த் இருந்தும் எர்த் இல்லாத நிலை இது.

வயர்மேன்கள் சிலர் மின்னிழைக்கும் எர்த்துக்கும் இடையே 100 வாட்டு குண்டு பல்பைப் பிடித்து, "நன்றாக எரிகிறது, எர்த் பிரமாதம்" என்பார்கள். எரியும் பல்பின் தடை 529 ஓம். எர்த்தின் தடை 50 ஓம் என்று மிக மோசமாக இருந்தாலும் பல்புக்கு 210 வோல்ட் கிடைத்துவிடும். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. எர்த் அறுந்துவிட்டதா என்பதை மட்டுமே பல்பு சொல்லும். நல்லதா என்பதைச் சொல்லாது. அதற்கு நிலத்தில் இரு முளைகளை அடித்து அளக்கும் எர்த் டெஸ்டர் வேண்டும். இன்னும் சிலர், எர்த் கிடைக்காத இடத்தில் சாக்கெட்டிலேயே நியூட்ரலை எர்த் துளையோடு முடிச்சுப் போட்டுவிடுகிறார்கள். இது பச்சைத் துரோகம். எங்கேனும் நியூட்ரல் அறுந்தால் அந்த நொடியே குளிர்பதனப் பெட்டியின் கதவுக்கு 230 வோல்ட் வந்து சேரும்.

ஆகவே இரண்டாவது கேட்டுக்கு உரிய காவல் ஆர்.சி.சி.பி. போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் சமமா என்பதை மட்டுமே அது பார்க்கிறது. 30 மில்லி ஆம்பியர் குறைந்தால், நொடியின் ஒரு சிறு பங்குக்குள் துண்டித்துவிடுகிறது. ஈர உடம்பின் தடை 2000 ஓம் என்றால் 230 வோல்ட்டில் 115 மில்லி ஆம்பியர் பாயும்; இதயத்தைத் தடுமாறச் செய்ய அது போதும். எனவே 30 என்ற எல்லை காரணமின்றி வைத்ததன்று. ஆனால் மிகுதியான சுமையை ஆர்.சி.சி.பி. அறியாது. மல்டி பிளக் வேகும்போது போனதெல்லாம் ஒழுங்காகத் திரும்பிக்கொண்டுதானே இருக்கிறது!

வீட்டுக்காரர் பாதிச் செலவை ஏற்க, மூன்று வேலைகள் நடந்தன. கெட்டிலுக்கு எம்.சி.பி.யிலிருந்து தனியாக 2.5 சதுர மில்லி மீட்டர் செம்புக் கம்பி இழுத்து 16 ஆம்பியர் பாயிண்ட். குளிர்பதனப் பெட்டிக்கும் கிரைண்டருக்கும் சுவரிலேயே ஆளுக்கொரு மூன்று துளைப் பாயிண்ட். பலகையில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. மிக்சி பழைய இடத்திலேயே தனித்து நின்றது. அதன் அடியில் சதுரத்துக்குள் சதுரம் பொறித்திருக்கிறது. இரட்டைக் காப்பு என்பதற்கான குறி அது. அதற்கு எர்த் தேவையில்லை.

மறுநாள் காலை கிரைண்டரைப் போட்டதும் வீடே இருண்டது. இரண்டு முறை ஏற்றியும் இருண்டது. "புதுசு சரியில்லை, எடுத்துவிடு" என்று பேச்சு எழுந்தது. வயர்மேன் அண்ணன் அதற்கு உடன்படவில்லை. கிரைண்டரைத் தனியே எடுத்து, மெக்கரால் சுருளுக்கும் உடலுக்கும் இடையே அளந்தார். ஒரு மெகா ஓமுக்கு மேல் இருக்க வேண்டிய இடத்தில் நூறில் ஒரு பங்கு, 10,000 ஓம். கணக்குப்படி 23 மில்லி ஆம்பியர் கசிவு. 30 என்று எழுதியிருந்தாலும் அக்கருவி அதில் பாதிக்கு மேல் எந்த இடத்திலும் விழலாம். அடித்தட்டைத் திறந்தபோது, அச்சு வழியே இறங்கிய மாவுத் தண்ணீர் மோட்டாரின் மேல் காய்ந்து அப்பியிருந்தது. சுருளைக் காயவைத்து வார்னிஷ் அடித்து, தேய்ந்த ரப்பர் வளையத்தை மாற்றினார். மெக்கர் 5 மெகா ஓம் காட்டிய பிறகே கிரைண்டர் அடுக்களைக்குத் திரும்பியது. ஆர்.சி.சி.பி.யில் உள்ள 'டெஸ்ட்' பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்ப்பது இப்போது மாமாவின் பொறுப்பு. சம்பள நாளில் அழுத்துகிறார்.