மழைக்கு மூடிய பள்ளி: முதல்வர் சொன்னதும் பெற்றோர் கேட்பதும்

‘புயலுக்காக மூடியிருந்த நம் பள்ளி இன்று முதல் வழக்கம்போல் இயங்கும். அரையாண்டுத் தேர்வு புதன்கிழமை தொடங்கும். விடுபட்ட நாள்களுக்கு ஈடாக ஆறாம் வகுப்பு முதல் சனிக்கிழமைகளிலும் வகுப்பு உண்டு. பின்பக்கக் கட்டடத்துப் பக்கம் யாரும் போகக் கூடாது.’

மழை விடுமுறை முடிந்து திறக்கும் நாளில், காலை வணக்கக் கூட்டத்தில் ஒரு பள்ளி முதல்வர் படிக்கும் அறிவிப்பு ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். வரிசையில் நின்று கேட்ட பிள்ளை பாதியை வீட்டுக்குக் கொண்டுவரும். மீதியைப் பெற்றோர் வாட்ஸ்அப் குழு நிரப்பும். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. நான்கு வரியும் ஒரே வாயிலிருந்து வந்தாலும், அவற்றை முடிவு செய்தவர்கள் ஒருவரல்லர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு சென்னையிலும் சுற்றியுள்ள மாவட்டங்களிலும் நடந்ததை வைத்துப் பார்த்தால் இது எளிதாகப் புரியும்.

பள்ளிக்கு விடுமுறை விடுவது முதல்வரா, கலெக்டரா?

மழை, புயல் என்றால் மாவட்ட ஆட்சியர்தான். முதன்மைக் கல்வி அலுவலரிடம் நிலவரம் கேட்டு அவர் அறிவிப்பார். அரசுப் பள்ளி, மெட்ரிக், சிபிஎஸ்இ என்ற வேறுபாடு இதில் இல்லை. மாவட்டத்திலுள்ள எல்லாப் பள்ளிகளுக்கும் அது பொருந்தும். விடுமுறை நாளில் சிறப்பு வகுப்பு என்று பிள்ளைகளை வரவழைக்கும் பள்ளி அந்த உத்தரவை மீறுகிறது.

தூறல் மட்டும் இருக்கும் நாள்களில் சில ஆட்சியர்கள் முடிவைப் பள்ளித் தலைமையிடமே விட்டுவிடுவதும் உண்டு. அப்படிப்பட்ட நாளில்தான் முதல்வர் ‘இன்று விடுமுறை’ என்று தானே சொல்ல முடியும். பக்கத்துப் பள்ளி திறந்திருக்க நம் பள்ளி மூடியிருந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

ஒரே மாவட்டத்தில் ஒரு பள்ளி திறந்தும் இன்னொன்று மூடியும் இருந்ததே?

விடுமுறை எப்போதும் மாவட்டம் முழுவதற்கும் என்பதில்லை. மிக்ஜாம் வாரத்தின் பிற்பகுதியில் சென்னை முழுவதும் விடுமுறை நீடித்தது. செங்கல்பட்டு மாவட்டத்திலோ பல்லாவரம், தாம்பரம் போன்ற சில வட்டங்களுக்கு மட்டும் நீட்டினார்கள். இங்கே பார்க்க வேண்டியது பள்ளி இருக்கும் வட்டம். பிள்ளை குடியிருக்கும் வட்டம் அல்ல. வீட்டைச் சுற்றித் தண்ணீர் நிற்கிறது, பள்ளியோ திறந்துவிட்டது என்றால் வகுப்பாசிரியருக்குத் தகவல் சொல்லி விடுப்பு எடுப்பதுதான் வழி. ஆட்சியர் விட்ட விடுமுறை நாள் வருகைக் கணக்கில் சேராது. திறந்த பிறகு வராத நாள் சேரும்.

அறிவிப்பில் ‘பள்ளிகளுக்கு விடுமுறை’ என்றிருக்கிறதா, ‘மாணவர்களுக்கு விடுமுறை’ என்றிருக்கிறதா என்பதையும் பார்க்கலாம். இரண்டாவது வகையில் ஆசிரியர்கள் வந்தாக வேண்டும்.

பள்ளி திறந்த நாளன்றே தேர்வு வைக்க முதல்வருக்கு அதிகாரம் உண்டா?

பள்ளி அளவில் நடக்கும் சிறு தேர்வுகள் முதல்வர் கையில். அரையாண்டுத் தேர்வு அப்படியல்ல. மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகளுக்கு அதன் அட்டவணை பள்ளிக்கல்வித் துறையிலிருந்து வருகிறது. மிக்ஜாமின்போது சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களில் அதுவரை மூடியிருந்த பள்ளிகள் டிசம்பர் 11, திங்களன்று திறந்தன. அரையாண்டுத் தேர்வை 13ஆம் தேதிக்குத் துறை தள்ளிவைத்தது. புத்தகம் நனைந்த பிள்ளைக்கு இரண்டு நாளில் என்ன செய்ய முடியும் என்று கேட்டால் அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தக் கேள்வி போக வேண்டிய இடம் முதல்வர் அறை அல்ல, கல்வித் துறை.

பொதுத்தேர்வுத் தேதி இன்னும் ஒரு படி மேலே, அரசுத் தேர்வுகள் இயக்ககத்திடம் இருக்கிறது. மழை விடுமுறை விட்டதாலேயே அது நகராது. அந்த ஆண்டு பிளஸ் டூ தேர்வு 2024 மார்ச் 1 அன்று தொடங்கியது.

சனிக்கிழமை வகுப்பு எதற்கு? அதிலும் பெரிய பிள்ளைகளுக்கு மட்டும் ஏன்?

பெற்றோருக்கு அதிகம் எரிச்சல் தரும் வரி இது. பல பள்ளிகள் காரணத்தைச் சொல்வதும் இல்லை. காரணம் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையில் இருக்கிறது. ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்குக் குறைந்தது 200 வேலை நாள்கள். ஆறு முதல் எட்டு வரை 220.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பள்ளி எல்லா வகுப்புக்கும் சேர்த்து 224 வேலை நாள்கள் திட்டமிட்டிருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். நவம்பர் மழையில் 3 நாள் போயிற்று. டிசம்பர் 4 முதல் 8 வரை 5 நாள் போயிற்று. 9ஆம் தேதி சனிக்கிழமை அந்தப் பள்ளிக்கு எப்படியும் விடுமுறை என்பதால் அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். மிச்சம் 216. நடுநிலை வகுப்புகளுக்கு 4 நாள் குறைகிறது. தொடக்க வகுப்புகளுக்குக் குறையவே இல்லை. ஆக அந்தப் பள்ளி ஆறாம் வகுப்பு முதல் 4 சனிக்கிழமை வைத்தால் போதும். போனது 8 நாளாயிற்றே, 8 சனிக்கிழமை வேண்டாமா என்றால், வேண்டாம். நாள்காட்டியில் முன்பே இருந்த உபரி மீதியைத் தாங்கிக்கொள்ளும். ஒன்பதாம் வகுப்பிலிருந்து இந்தச் சட்டம் பேசாது; அங்கே பாடம் எவ்வளவு பாக்கி என்பதுதான் அளவுகோல்.

முதல்வரிடம் கேட்க வேண்டிய கேள்வியும் இதிலேயே இருக்கிறது: ‘எத்தனை நாள் திட்டமிட்டீர்கள், இப்போது எத்தனை நாள் குறைகிறது?’ கூடவே இன்னொன்று: சனிக்கிழமை எந்தக் கிழமையின் பாடவேளை ஓடும்? திங்கள்கிழமைகளே தொடர்ந்து மழையில் போயிருந்தால், திங்களன்று இரட்டை வேளையாக வைத்திருந்த அறிவியல் ஆய்வகம்தான் அடிபட்டிருக்கும். அந்தச் சனிக்கிழமையில் திங்கள் அட்டவணையை ஓட்டினால்தான் ஈடு. ஏதோ ஒரு பாடம் நடத்தி மூன்று மணிக்கு அனுப்பினால் பதிவேட்டில் நாள் ஏறும், பாடம் ஏறாது.

கோயில் திருவிழா விடுமுறைக்கு ஈடு செய்யும் நாளை அப்போதே சொல்கிறார்கள். மழைக்கு ஏன் சொல்வதில்லை?

உள்ளூர் விடுமுறை முன்பே தெரிந்தது. கன்னியாகுமரி மாவட்டத்தில் மண்டைக்காடு கொடை விழாவுக்கு விடும் விடுமுறை உத்தரவைப் பாருங்கள். எந்தச் சனிக்கிழமை வேலை நாள் என்பதும் அதிலேயே இருக்கும். மழை எத்தனை நாள் பெய்யும் என்பது யாருக்கும் தெரியாததால், பருவம் முடிந்தபின் கணக்குப் பார்க்கிறார்கள்.

பின்பக்கக் கட்டடத்துக்குப் போகக் கூடாது என்றால் பள்ளி பாதுகாப்பானதா?

அப்படிச் சொல்லும் பள்ளியை நான் கொஞ்சம் கூடுதலாகவே நம்புவேன். யாரோ சுற்றிப் பார்த்திருக்கிறார்கள். தண்ணீர் ஊறிய சுற்றுச்சுவர், மழை நின்ற பிறகும் சரியலாம். கயிறு கட்டி மறித்திருக்கிறார்களா, அந்த வழியாகத்தான் கழிப்பறைக்குப் போக வேண்டியிருக்கிறதா என்று பிள்ளையிடம் கேளுங்கள்.

குடிநீரையும் விசாரியுங்கள். வெள்ளம் புகுந்த தரைத்தொட்டியையும் மேல்நிலைத் தொட்டியையும் கழுவிக் குளோரின் கலந்திருக்க வேண்டும். குளோரோஸ்கோப்பில் பரிசோதனைத் திரவம் விட்டால் தண்ணீர் லேசாக மஞ்சளாகும். நிறமே மாறவில்லையென்றால் தண்ணீரில் குளோரின் மிச்சமில்லை. அந்த மஞ்சள் நிறம் தெரியும்வரை பிள்ளையிடம் வீட்டிலிருந்து கொதித்து ஆறிய தண்ணீர் கொடுத்து அனுப்பலாம்.

‘நாளையும் விடுமுறை’ என்று இரவில் வரும் படத்தை நம்பலாமா?

முதலில் தேதியையும் ஆண்டையும் பாருங்கள். போன வருடத்துத் தொலைக்காட்சித் திரையைப் பிடித்த படம் ஒவ்வொரு மழைக்கும் சுற்றுக்கு வரும். பிறகு மாவட்டத்தின் பெயர். பக்கத்து மாவட்டத்து அறிவிப்பைப் பார்த்துவிட்டு வீட்டில் தங்கியவர்கள் நிறைய. சந்தேகம் தீரவில்லையென்றால் ஆட்சியரின் அதிகாரபூர்வப் பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். காலை ஆறு மணிவரை அங்கே எதுவும் வரவில்லையென்றால் சாப்பாட்டுப் பையைக் கட்டிவிடுங்கள். ஏழு மணிக்கு மேல் விடுமுறை அறிவித்த நாள்களும் உண்டு என்பதால், வேன் ஓட்டுநரின் எண்ணை மட்டும் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்வது நல்லது.