புள்ளி எங்கிருந்து வருகிறது?

கட்டுரைக் கொப்பி திரும்பி வரும்போது மாணவி முதலில் தேடுவது சிவப்பு மையில் உள்ள எண்ணைத்தான். 20க்கு 13. மீதி ஏழும் எங்கே போயின என்று கேட்டால் பெரும்பாலும் விடை கிடைப்பதில்லை. ஆசிரியர் வழிகாட்டிகளில் மதிப்பீட்டு நியதிகள் அச்சாகியே வருகின்றன. ஆனால் அந்தப் பக்கத்தைப் பிள்ளைகள் பார்ப்பது அரிது. பார்த்தாலும் ‘சிறந்த மொழிநடை’ போன்ற சொற்களைக் கொண்டு என்ன செய்வதென்று அவர்களுக்கு விளங்காது.

விசுவமடுவில் நான் கற்பித்த தரம் 10 வகுப்பில், எழுதத் தொடங்கும் முன்பே அந்த நியதிகளைப் பிள்ளைகளோடு சேர்ந்து ஆக்கிப் பார்த்தேன். ரூப்ரிக் என்று சொல்கிறார்களே, அந்த அட்டவணைதான். கச்சான் செய்கை செய்யும் ஊர்ப் பெரியவர் ஒருவரைச் சந்தித்து ஒரு பக்கக் கட்டுரை எழுத வேண்டும் என்பது வேலை. இரண்டு பாடவேளைகள் இதற்கே போயின.

“நல்ல கட்டுரை எது?” என்று கேட்டு நான் தொடங்கவில்லை. அப்படிக் கேட்டால் ஆசிரியருக்குப் பிடித்த விடைதான் வரும். நானே எழுதிய இரண்டு மாதிரிகளைக் கொடுத்தேன். பிள்ளைகளின் பழைய கட்டுரைகளை எடுத்தால் யாரோ ஒருவர் தலைகுனிய நேரும். முதல் மாதிரி அழகான கையெழுத்தில், ‘உழவே உயிர்’ என்ற தோரணையில் இருந்தது. இரண்டாவதில் எழுத்துப் பிழைகள் இருந்தன. ஆனால் அதில் ஒரு பெரியவர் கச்சானை எப்போது பிடுங்குவது என்று சொல்கிறார்: “ஒரு காயை உடைச்சுப் பார். கோதின்ர உள்பக்கம் கறுத்திருந்தா முத்தீட்டுது.”

பெரும்பாலானோர் முதலாவதைத்தான் தெரிவு செய்தார்கள். ஒரு மாணவி மட்டும், “ரீச்சர், இரண்டாவதை வாசிச்சா அந்த அப்புவைத் தெரியுது” என்றாள். அதையே எங்கள் முதல் நியதியாகப் பலகையில் எழுதினேன்: ‘பேசியவரைத் தெரிகிறது.’

பிள்ளைகள் சொன்னவற்றை ஒன்றுசேர்த்து நான்கு நியதிகளாகச் சுருக்கினோம். கையெழுத்து வேண்டும் என்று பலர் பிடிவாதமாக நின்றார்கள். கடைசியில் அதற்குப் புள்ளி இல்லை, வாசிக்க முடியாவிட்டால் திரும்ப எழுத வேண்டும் என்று முடிவானது. ஒன்றை நானே சேர்த்தேன். பேசியவரின் அனுமதியின்றி அவர் பெயரை எழுதக்கூடாது. அதில் வாக்கெடுப்பு இல்லை. எல்லாவற்றையும் பிள்ளைகளே தீர்மானிக்கிறார்கள் என்று காட்டிக்கொள்வது நேர்மையல்ல.

அடுத்ததுதான் கடினமான பகுதி. ஒவ்வொரு நியதிக்கும் நான்கு முதல் ஒன்று வரை படிநிலைகளை எழுத வேண்டும். ‘மிக நன்று, நன்று, சுமார்’ என்று எழுதினால் சொல் மாறுமே தவிர எவருக்கும் எதுவும் தெரியவராது. தாளில் கண்ணால் காணக்கூடிய ஒன்றை எழுத வேண்டும். முதல் நியதியின் நான்காம் படிக்கு, ‘பேசியவரின் சொந்தச் சொற்கள் இரண்டு இடங்களிலாவது உள்ளன’ என்று எழுதினோம். எனக்கும் அது சரியாகவே பட்டது.

பிழை இருப்பதை மூன்றாவது மாதிரி ஒன்றைக் குழுக்களிடம் கொடுத்துப் புள்ளியிடச் சொன்னபோதுதான் கண்டோம். அதே நியதிக்கு ஒரு குழு 4 கொடுத்தது. பக்கத்துக் குழு 1 கொடுத்தது. அந்தக் கட்டுரையில் பெரியவர் “ஓம்” என்றும் “கஷ்டம்தான்” என்றும் சொல்லியிருந்தார். எண்ணிப் பார்த்தால் இரண்டு இடங்கள். ஆனால் ஆளைத் தெரியவில்லை. குழுக்களிடையே ஒரு புள்ளி வித்தியாசம் இருந்தால் பேசித் தீர்க்கலாம். இவ்வளவு விலகினால் வரியில்தான் கோளாறு. அதைத் திருத்தினோம்: ‘அவர் சொல்லாவிட்டால் நமக்குத் தெரிந்திராத ஒன்றை அவர் சொற்களிலேயே தருகிறது.’ மூன்றாம் படி, அதே செய்தி எழுதுபவரின் சொற்களில் மட்டும் இருப்பது. இரண்டாம் படி, எவரும் சொல்லக்கூடிய பொதுச் செய்தி. முதலாம் படியில் பேசியவரே இல்லை.

இந்தத் திருத்தம் நேர்காணலையே மாற்றிவிட்டது. “கச்சான் செய்வது கஷ்டமா?” என்ற கேள்வியைப் பிள்ளைகளே வெட்டிவிட்டு, “முத்தினதை எப்படி அறிவீங்கள்?” என்று எழுதிக்கொண்டார்கள். எழுதி முடித்த பிறகு அட்டவணையைக் கொடுத்திருந்தால் இது நடந்திராது.

“புள்ளியையும் பிள்ளைகளே போட்டால் ஆசிரியர் எதற்கு?” என்று ஒரு தாய் கேட்டார். நியாயமான கேள்வி. புள்ளி போட்டது நான்தான். ஆனால் ஒவ்வொருவரும் கட்டுரையின் அடியில் தமக்குத் தாமே இட்ட புள்ளியையும் எழுதித் தந்தார்கள். எனதும் அவர்களதும் இரண்டு படிகள் விலகிய இடங்களில் மட்டும் கூப்பிட்டுப் பேசினேன். கூடுதலாகப் போட்டவர்களைவிடக் குறைத்துப் போட்டவர்களோடுதான் அதிக நேரம் பேச வேண்டியிருந்தது.

இந்த அட்டவணை அந்த ஒரு வேலைக்கு மட்டுமே பொருந்தும். க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்குத் திணைக்களத்தின் புள்ளியிடும் திட்டம் வேறு. அடுத்த தவணை விவரணக் கட்டுரைக்கு அதையே எடுத்துப் பார்த்தோம். ‘பேசியவரைத் தெரிகிறது’ என்ற வரிக்கு அங்கே பேசுபவரே இல்லை. பலகையை அழித்துவிட்டு, புதிதாக இரண்டு மாதிரிகளோடு மறுபடி தொடங்கினோம்.