டேப்பெட் சத்தமா, கேஸ்கட் சத்தமா?

ஆறேழு வருடம் ஓடிய 100 சிசி வண்டி. காலையில் ஸ்டார்ட் செய்ததும் இன்ஜினிலிருந்து ‘டிக் டிக்’ என்று ஒரு சத்தம். ஒர்க் ஷாப்பில் டேப்பெட்டைச் சரிசெய்து அனுப்புகிறார்கள். மறுநாள் காலையில் சத்தம் அப்படியே இருக்கிறது. மறுபடி போனால், “ராக்கர் தேஞ்சிருக்கும் சார், ஹெட்டைக் கழட்டிப் பார்த்துடலாம்” என்கிறார்கள். சில ஆயிரம் செலவுக்குத் தலையாட்டுவதற்கு முன், இன்ஜினின் முன்பக்கம் குனிந்து, சைலன்சர் பைப் ஹெட்டோடு சேரும் இடத்தை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

எரிந்த புகை ஹெட்டின் முன்வாயிலிருந்து வெளியேறி பெண்ட் பைப்புக்குள் நுழைகிறது. அந்தப் பைப்பை ஒரு காலரும் இரண்டு ஸ்டட்டுகளும் ஹெட்டோடு சேர்த்துப் பிடித்திருக்கின்றன. இரண்டுக்கும் நடுவே, வாய்க்குள் உட்கார்ந்திருப்பதுதான் சைலன்சர் கேஸ்கட். சூடு தாங்கும் நார்ப்பொருளை மெல்லிய உலோகத் தகட்டால் மூடிய, சின்ன வளையல் போன்ற பொருள் அது. நட்டை முறுக்கும்போது நசுங்கி, இடுக்கை அடைத்துக்கொள்ளும். தினமும் சூடாகி ஆறி, நாளடைவில் கருகி இளகும். இன்ஜின் அதிர்வில் நட்டும் கொஞ்சம் தளரும். பலரும் கவனிக்காத இன்னொரு காரணம் பின்னால் இருக்கிறது. சைலன்சரை சேஸிஸோடு பிடித்திருக்கும் பின்பக்க போல்ட் தளர்ந்துவிட்டால், அதன் எடை முழுவதும் முன்னாலுள்ள இந்த மூட்டில்தான் ஆடும். புதிய கேஸ்கட்கூட அந்த ஆட்டத்தில் நிற்காது.

இந்தக் கசிவை டேப்பெட் சத்தம் என்று நினைப்பதற்கு நியாயமான காரணம் உண்டு. நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் எக்ஸாஸ்ட் வால்வு ஒருமுறை திறக்கும். ஐடிலில் நிமிடத்துக்கு 1400 சுற்று என்றால் 700 முறை. ஒவ்வொரு முறையும் கேஸ்கட்டின் ஓட்டை வழியாகக் கொஞ்சம் புகை பீறிட்டு ஒரு ‘சிக்’ எழும். டேப்பெட் இடைவெளி அதிகமானாலும் ராக்கர் வால்வைத் தட்டுவது அதே 700 முறைதான். தாளம் ஒன்றாக இருப்பதால், பழகிய காதும் ஏமாந்துபோகும்.

தாளத்தை விட்டுவிட்டு மற்றதைக் கவனித்தால் வித்தியாசம் தெரியும். டேப்பெட் சத்தம் உலோகத்தில் உலோகம் படும் சத்தம். நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை ஹெட் மூடியில் வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டினால் தெளிவாகக் கேட்கும். கசிவு காற்றில் வரும் சத்தம் என்பதால் அந்த வழியில் அவ்வளவாகக் கேட்காது. நீளமான பெட்ரோல் டியூபை எடுத்து ஒரு முனையைக் காதருகே வைத்து, மறுமுனையை மூட்டைச் சுற்றி, அதைத் தொடாமல் நகர்த்தினால், ஓட்டை இருக்கும் பக்கம் வந்ததும் சத்தம் ஓங்கும். பளு கூடினாலும் கசிவின் சத்தம் மாறும். இருவர் உட்கார்ந்து மேம்பாலம் ஏறும்போது ‘பட் பட்’ என்று தடிக்கும். வண்டி நன்றாகச் சூடானதும் உலோகம் விரிந்து இடுக்கு அடைபடுவதால் பல வண்டிகளில் குறைந்தே போகும். ‘காலையில் கேட்குது, ஒர்க் ஷாப் போனா கேட்கலை’ என்ற புலம்பலுக்கு இதுதான் காரணம். ஆகவே முந்தின இரவே வண்டியை விட்டுவிட்டு, காலையில் மெக்கானிக்கையே ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள்.

சத்தத்தைவிட நம்பகமான சாட்சி கரி. கசிவு இருக்கும் பக்கத்தில், காலரின் ஓரத்திலிருந்து ஹெட்டின் பட்டைகள் மீது கறுப்பாக விசிறிபோல் பரவியிருக்கும். விரலில் தேய்த்தால் உலர்ந்த பொடியாக வரவேண்டும். பிசுபிசுத்தால் அது ஆயில் கசிவு, வைத்தியம் வேறு. கரியைத் துடைத்துவிட்டு இரண்டு நாள் ஓட்டிப் பார்த்து, அதே இடத்தில் திரும்பப் படிந்தால் சந்தேகமே இல்லை.

உடனே தெரிய வேண்டுமென்றால், குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து, ஈரத்துணியை மடித்துச் சைலன்சரின் வால்முனையைச் சில நொடி அடைத்துப் பிடிக்கச் சொல்லுங்கள். வழி அடைபட்ட புகை முன்மூட்டில் சீறும். மூட்டில் சோப்புத் தண்ணீர் தெளித்திருந்தால் குமிழியும் வரும். இதைத் திறந்த வெளியில் செய்யவேண்டும். புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

கேஸ்கட் விலை பெரிதாக ஒன்றுமில்லை. சிக்கல் பழைய நட்டில்தான். துருப்பிடித்த நட்டை ஒரே வேகத்தில் திருகினால் ஸ்டட் ஒடிந்து, மீதி அலுமினிய ஹெட்டுக்குள் மாட்டிக்கொள்ளும். அப்புறம் அது லேத் பட்டறை வேலை. வண்டி முழுக்க ஆறியபின் துரு இளக்கும் ஆயிலை அடித்து அரைமணி நேரம் ஊறவிட்டு, கால் சுற்று கழற்றி, திரும்ப முறுக்கி, மறுபடி கழற்றி என்று விளையாட்டுக் காட்டித்தான் எடுக்க வேண்டும்.

பைப்பை இறக்கியதும் வாய்க்குள் விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். பழைய கேஸ்கட் அடையாளமே தெரியாமல் ஹெட்டோடு ஒட்டிக்கிடக்கும். அதன்மேலேயே புதியதை வைத்து முறுக்குவது அடிக்கடி நடக்கிறது. அது ஒரு மாதம் தாங்கினால் அதிகம். பழையதைக் கொக்கியால் நெம்பி எடுத்து, கம்பி பிரஷால் இரண்டு முகத்தையும் தேய்த்தபின், புதிய வளையத்தில் துளி கிரீஸ் தடவி வைத்தால் பைப்பை மாட்டும்வரை கீழே விழாது.

அடுத்தது முறுக்கும் வரிசை. முதலில் முன்னால் இரண்டு நட்டையும் பின்னால் போல்ட்டையும் கையாலேயே மாட்ட வேண்டும். பிறகு முன் நட்டுகளை இதில் அரைச் சுற்று, அதில் அரைச் சுற்று என்று மாற்றி மாற்றி இறுக்க வேண்டும். பின்பக்க போல்ட் கடைசி. அதை முதலில் இறுக்கினால் பைப் கோணலாக நின்று, வளையம் ஒரு பக்கம் மட்டும் நசுங்கும். காலருக்கும் ஹெட்டுக்கும் நடுவே இருபுறமும் ஒரே அளவு சந்து தெரிந்தால் அது சரிதான். சந்தை மூடிவிடுகிறேன் என்று பலம் காட்டினால் காலர் வளையும், இல்லையென்றால் ஸ்டட் ஒடியும். வண்டியை ஓட்டி, ஆறவிட்டு, இன்னொருமுறை நட்டைச் சரிபார்க்க வேண்டும். முதல் சூட்டில் கேஸ்கட் இன்னும் கொஞ்சம் படிந்துபோயிருக்கும்.

முன்மூட்டு சுத்தமாக இருந்தும் வண்டி இரைந்தால் சைலன்சரின் அடிவயிற்றைப் பாருங்கள். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. நீண்ட தூரம் ஓடினால் அது ஆவியாகப் போய்விடும். பால் வாங்கவும் பள்ளிக்கூடத்துக்கும் மட்டும் போய்வரும் வண்டியில் உள்ளேயே தேங்கி, உள்ளிருந்து அரிக்கும். வெளியே பெயின்ட் பளபளப்பாக இருக்கும்போதே தகடு காகிதமாகியிருக்கும். அடியில் உருண்டையாக ஒரு சிறு துளை இருந்தால் பயப்பட வேண்டாம். பல வண்டிகளில் தண்ணீர் வடியக் கம்பெனியே வைத்திருப்பது அது. அதை அடைக்கக் கூடாது. மற்ற இடத்தில் ஸ்க்ரூடிரைவரால் அழுத்தும்போது தகடு உள்வாங்கினால், வெல்டிங்கில் காசைப் போடாதீர்கள். பற்ற வைக்க அங்கே தகடு இருக்காது. சுற்றுத் தகடு கெட்டியாக இருந்து ஓட்டை மட்டும் சிறிதாக இருந்தால், சைலன்சரைக் கழற்றிவைத்து வெல்டு செய்யலாம்.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்6 வண்டி என்றால் கசிவு வெறும் சத்தத்தோடு நிற்காது. புகை போனபின் வரும் இழுப்பில் அதே ஓட்டை வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். பைப்பில் உள்ள ஆக்சிஜன் சென்சார் அதைப் பார்த்துப் பெட்ரோல் போதவில்லை என்று கணக்கிட, கம்ப்யூட்டர் கூடுதலாகத் தெளிக்கும். மைலேஜ் இறங்கும். இந்த வண்டிகளில் பைப்பை இறக்கும் முன் சென்சார் ஒயரைப் பிரிக்க மறக்கக் கூடாது. தொங்கவிட்டால் பிய்ந்துவிடும், சென்சார் விலையில் நூறு கேஸ்கட்டாவது வாங்கலாம்.