டிரில் பிட்டைக் கழற்றும் முறை

பொன்மலைப் பணிமனையிலும் துவாக்குடிப் பட்டறைகளிலும் அப்ரண்டிஸாகச் சேரும் நம் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறோம்.

டேப்பர் டிரில் பிட்டைப் பிடிக்கத் திருகாணி கிடையாது. கூம்பு வடிவத்தால் ஸ்பிண்டிலுக்குள் இறுகி நிற்கும். பக்கவாட்டில் சுத்தியலால் அடித்தால் பிட்தான் உடையும்.

மெஷினை நிறுத்தி, மெயின் சுவிட்சையும் அணையுங்கள். ஸ்பிண்டிலின் நீளத்துளையில் மறுபக்கம் வெளிச்சம் தெரியும்வரை கையால் சுற்றுங்கள். பிட்டுக்கு நேர்கீழே மேசையில் மரக்கட்டை வையுங்கள்.

டிரிஃப்ட் என்பது ஓர் ஆப்பு. அதன் வளைந்த விளிம்பு மேலே, தட்டை விளிம்பு கீழே பிட்டின் வால்மேல் படிய வேண்டும். மாற்றிச் செருகினால் துளையும் வாலும் நசுங்கும். அகன்ற முனையில் நேராக, லேசாகத் தட்டுங்கள். ஆப்பு குறுக்கே நகர, பிட் கீழே இறங்கும். மறுகையில் துணி சுற்றிப் பிட்டைத் தாங்குங்கள்.

கழன்ற பிட்டின் வால் முறுக்கியிருந்தால், கூம்பு உள்ளே வழுக்கியிருக்கிறது. பெரும்பாலும் துடைக்காமல் மாட்டியதே காரணம்.